வெளிநாட்டு டாக்ஸி, பழகாத செயலி: இந்தச் சிறுகதையை எழுதும் முறை, படிப்படியாக

வெளியூர் டாக்ஸியில் இறங்கும்போது பணம் கட்ட முடியாமல் தவிக்கும் பயணியைப் பற்றி எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். "பணம் போகவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு, உடனே ஓட்டுநரின் கோபத்துக்கோ பெருந்தன்மைக்கோ தாவிவிடுகிறார்கள். பணம் ஏன் போகவில்லை என்பதுதான் கதை. அதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால் ஓட்டுநர் நல்லவராகவோ கெட்டவராகவோ மட்டும்தான் இருக்க முடியும். வேறு வேலை அவருக்கு இருக்காது.

கீழே உள்ள வரிசை, ஏறக்குறைய 1500 சொற்களில் ஒரு கதையை எழுதி முடிப்பதற்கானது. எடுத்துக்காட்டுக்கு ஒரே கதையை முதலிலிருந்து கடைசிவரை கொண்டுபோகிறேன். இடம் சீனாவின் குவாங்ஜோ நகரம். பயணி, திருப்பூரில் பட்டனும் ஜிப்பும் விற்கும் கடைக்காரப் பெண். குவாங்ஜோவின் ஜோங்தா துணிச் சந்தையில் சாம்பிள் பார்த்துவிட்டு, ஷியாவ்பெய் பகுதியில் இருக்கும் விடுதிக்குத் திரும்புகிறாள். பணம் செலுத்தும் செயலி அலிபே. கட்டணம் 38 யுவான், நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

## 1. எழுதும் முன் அரைப் பக்கம்: பயணியின் கைபேசியில் என்ன இருக்கிறது?

கதையில் வராவிட்டாலும் இதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும்.

அலிபேயில் வெளிநாட்டவர் தம் நாட்டு அட்டையை இணைக்கலாம். விசா, மாஸ்டர்கார்டு போன்றவை சேரும். பாஸ்போர்ட் விவரமும் கொடுக்க வேண்டும். இந்திய அட்டையானால் இன்னொரு படி உண்டு. ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் திறந்த நிலையில் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். அட்டையை இணைக்கும்போது ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும். ஆகவே இந்திய சிம் கைபேசியில் இருந்தாக வேண்டும்.

சிம் எது என்பதை மட்டும் மறக்காமல் முடிவுசெய்யுங்கள். இந்திய சிம்மில் ரோமிங் போட்டிருந்தால் கூகுள் மொழிபெயர்ப்பு சீனாவிலும் வேலை செய்யும். உள்ளூர் சிம்மோ விடுதியின் வைஃபையோ என்றால் சாதாரணமாகக் கூகுள் திறக்காது. "ஹோட்டல் வைஃபையில் கூகுள் மேப் பார்த்தாள்" என்று எழுதிய கதையை, அந்த ஊருக்குப் போய்வந்த வாசகர் அந்த வரியிலேயே மூடிவிடுவார்.

நம் கதையில் அவளிடம் இந்திய சிம், ரோமிங், ஊரிலேயே இணைத்துவிட்ட விசா அட்டை மூன்றும் இருக்கின்றன. சந்தைக்கு எதிரில் மதியம் சாப்பிட்ட கடையில் அலிபேயில்தான் பணம் கொடுத்தாள், போய்விட்டது. அதனால் டாக்ஸியில் ஏறும்போது அவளுக்குக் கவலையே இல்லை. செயலி ஒரு முறை வேலை செய்துவிட்டது என்பதால் வரும் நம்பிக்கை இந்தக் கதைக்கு மிகவும் தேவை. ஏறும்போதே பதறிக்கொண்டிருப்பவளுக்குத் தடை வந்தால் வாசகருக்கு அது எதிர்பார்த்த செய்தி.

## 2. பணம் போகும் பாதையைப் படிப்படியாக எழுதுங்கள்

யூபிஐ பழகிய கைக்கு இந்தப் பாதை ஏறக்குறைய தெரிந்ததுதான். அதனாலேயே தவறு நேர்கிறது. ஜிபே திரையை மனதில் வைத்து அலிபேயை எழுதிவிடுகிறார்கள்.

டாக்ஸியில் பெரும்பாலும் முன்பக்கத்திலோ, இருக்கையின் பின்புறத்திலோ பிளாஸ்டிக் உறை போட்ட க்யூஆர் கோடு தொங்கும். நீலம் அலிபே, பச்சை இன்னொரு செயலியான வீசாட். பயணி செயலியில் ஸ்கேன் பொத்தானை அழுத்தி அதைப் பிடிக்கிறார். கோடில் தொகை இருக்காது, பயணியே 38 என்று தட்ட வேண்டும். பிறகு ஆறு இலக்கக் கடவுச்சொல். பிறகு அட்டை கொடுத்த வங்கியின் சம்மதம். கடைசியில் பயணியின் திரையில் ஒரு டிக். அதே நேரத்தில் கோடுக்குச் சொந்தக்காரரின் கைபேசியோ ஒலிப்பெட்டியோ, இவ்வளவு யுவான் வந்து சேர்ந்தது என்று சீனத்தில் உரக்கச் சொல்லும்.

அந்தக் குரலை அடிக்கோடிட்டு வையுங்கள். ஓட்டுநர் பயணியின் திரையைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அவருக்கு அது சான்று அல்ல. காதில் விழுந்தால்தான் பணம் வந்தது. இங்கே டீக்கடைகளில் ஒலிப்பெட்டி சொல்லும்வரை கடைக்காரர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாரே, அதே பழக்கம்தான்.

செயலியில் இன்னொரு பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் பயணியின் திரையில் ஒரு கோடு வரும், அதைக் கடைக்காரர் தம் கருவியால் ஸ்கேன் செய்வார். பெரிய கடைகளில் இது வழக்கம். டாக்ஸிக் கதையில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள். யார் யாருடைய கோடைப் பிடிக்கிறார் என்பது மாறினால் யார் கையில் என்ன இருக்கிறது என்பதும் மாறிவிடும்.

## 3. ஒரே ஒரு இடத்தில் தடுக்கட்டும்

பாதையை எழுதிவிட்டால், எங்கெல்லாம் நிற்கக்கூடும் என்று தெரிந்துவிடும். சமிக்ஞை இல்லை, வங்கி மறுக்கிறது, தொகையைத் தவறாகத் தட்டிவிட்டாள், திரையில் டிக் வந்தும் அங்கே குரல் வரவில்லை. ஒவ்வொன்றும் தனிக் கதை. புதிதாக எழுதுகிறவர்கள் பதற்றத்தைக் கூட்டுவதாக நினைத்து இரண்டு மூன்று தடைகளைச் சேர்த்துவிடுவார்கள். முதலில் நெட் இல்லை, அது வந்ததும் கடவுச்சொல் மறந்துபோயிற்று, பிறகு பேட்டரி தீர்ந்தது என்று. அப்போது அது கதையாக இராது, கெட்ட நேரமாகிவிடும். யார் மேலும் பொறுப்பு விழாது.

தேர்ந்தெடுக்க ஒரு அளவுகோல் சொல்கிறேன். தடை நீங்க வேண்டுமானால் இருவரில் ஒருவர் தமக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்தாக வேண்டும். சமிக்ஞை இல்லை என்பது நூறு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினால் தீர்ந்துவிடும். அதில் யாருக்கும் இழப்பில்லை.

நான் எடுத்துக்கொள்ளும் தடை இது. சீனாவில் க்யூஆர் கோடு இரண்டு வகை: வணிகருக்குரியது, தனிநபருக்குரியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். உள்ளூர்க்காரர் எதிலும் பணம் போடலாம். வெளிநாட்டு அட்டையை இணைத்தவரோ வணிகர் கோடில்தான் செலுத்த முடியும், தனிநபருக்கு அனுப்ப முடியாது. சாப்பாட்டுக் கடையில் போன பணம் டாக்ஸியில் போகாததற்கு இதுவே காரணம். அவளுக்கு அது தெரியாது. ஓட்டுநருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் கோடில் ஊர் முழுக்கப் பணம் போடுகிறது. இருவரும் தத்தம் பக்கம் சரி என்று உறுதியாக இருப்பார்கள். இருவர் சொல்வதும் உண்மை.

திரையில் வரும் மறுப்புச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டாம். அது பதிப்புக்குப் பதிப்பு மாறும். "இந்தக் கோடுக்கு உங்கள் அட்டை ஆகாது என்று ஆங்கிலத்தில் வந்தது" என்றால் போதும்.

## 4. மற்றக் கதவுகளைச் சாத்துங்கள்

வாசகர் உடனே கேட்பார்: காசாகக் கொடுக்க வேண்டியதுதானே? இதற்குப் பதில் கதைக்குள், தடை வருவதற்கு முன்பே இருக்க வேண்டும். தடை வந்த பிறகு சொன்னால் சாக்குப்போல் ஒலிக்கும்.

"சீனாவில் யாரும் காசு வாங்க மாட்டார்கள்" என்று எழுதாதீர்கள். யுவான் நோட்டை மறுப்பது அங்கே விதிக்குப் புறம்பு. உண்மையான சிக்கல் சில்லறை. பெரிய நோட்டு 100 யுவான். நாள் முழுக்கக் கைபேசியில் வாங்கும் ஓட்டுநரிடம் 62 யுவான் மீதி இருக்க வாய்ப்பு குறைவு.

நம் கதையில் அவள் பணப்பையில் ஒரே ஒரு நூறு. சந்தையில் சாம்பிளுக்காகச் சின்ன நோட்டுகளை எல்லாம் கொடுத்துவிட்டாள் என்பது முதல் பத்தியிலேயே ஒரு வரியாக வந்துவிட வேண்டும். நூறை நீட்டுகிறாள். ஓட்டுநர் கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த இரண்டு பத்து யுவான் நோட்டுகளை எடுத்துக் காட்டுகிறார். அவ்வளவுதான் அவரிடம். "மீதியை வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவள் ஏன் சொல்லவில்லை என்றும் யோசித்துவையுங்கள். மீதி 62 யுவான், எழுநூறு ரூபாய்க்கு மேல். பட்டனைப் பன்னிரண்டு டஜன் கொண்ட கிராஸ் கணக்கில் பைசா பேசி வாங்குகிறவள் அதை விடமாட்டாள். அது கஞ்சத்தனம் இல்லை, தொழில் பழக்கம். அப்படியே எழுதுங்கள்.

## 5. ஓட்டுநருக்கு ஒரு கணக்கு கொடுங்கள்

இந்த இடத்தில்தான் அதிகக் கதைகள் விழுகின்றன. ஓட்டுநர் பயணியின் கஷ்டத்துக்குச் சாட்சியாக மட்டும் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் ஒரு நேரம், ஒரு பணக் கணக்கு, அதைப் பாதிக்கும் ஒரு ஆள் வேண்டும்.

சீன நகரங்களில் ஒரே டாக்ஸியைப் பகலுக்கு ஒருவர் இரவுக்கு ஒருவர் என்று இரண்டு பேர் பிரித்து ஓட்டுவது வழக்கம். மாலையில் வண்டி கைமாறும். கம்பெனிக்குக் கட்டும் வாடகை இருவர் தலையிலும் விழும். நம் ஓட்டுநர் பகல்காரர். கைமாற்ற வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது, இரவுக்காரர் எங்கோ காத்திருக்கிறார்.

இனி கோடுக்கு வாருங்கள். வண்டியில் ஏற்கெனவே ஒட்டியிருப்பது இரவுக்காரரின் கோடு, அது வணிகர் கோடு. பகல்காரர் அதன்மேல் தம் தனிநபர் கோடை ரப்பர் பேண்ட் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். ஆக, வழி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. மேலே இருப்பதைத் தூக்கிவிட்டு அடியில் இருப்பதை ஸ்கேன் செய்தால் அவள் பணம் போய்விடும். ஆனால் கூட்டாளிக்குப் போய்விடும். முந்தைய கணக்கே தீராத கூட்டாளிக்கு. குரலும் அந்த ஆளின் கைபேசியில்தான் ஒலிக்கும், இந்த வண்டியில் ஒலிக்காது.

தடையும் தீர்வும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன, அதற்கு ஓட்டுநர் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு முடிச்சு கிடைக்கும்வரை எழுதத் தொடங்க வேண்டாம். வழியில் போகும் ஆங்கிலம் தெரிந்த மாணவர், விடுதி மேலாளர் என்று வெளியிலிருந்து யாரையாவது கூட்டிவந்து தீர்த்துவைத்தால் அதுவரை கட்டிய பதற்றமெல்லாம் வீண்.

## 6. யார் கண் வழியே?

பயணியின் கண் வழியே எழுதுங்கள் என்பது என் கருத்து. ஓட்டுநரின் மனதுக்குள் போனால் கூட்டாளி விவகாரத்தை முதல் பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஏமாற்று. பயணிக்கோ எதுவும் தெரியாது. அவள் பார்ப்பதெல்லாம், அடியில் இன்னொரு கோடு இருப்பதும், அதை அவள் சுட்டிக்காட்டியதும் ஓட்டுநர் உள்ளங்கையால் மூடிக்கொள்வதும். அவளோடு சேர்ந்து வாசகரும் முதலில் அவரைச் சந்தேகப்படுவார். அந்தச் சந்தேகம் பிறகு கரைய வேண்டும்.

அவளுக்கும் கூட்டுத் தொழில் உண்டு என்று வைக்கலாம். கடை அவளும் கொழுந்தனாரும் சேர்ந்து நடத்துவது. இதைப் பயணத்தின்போது வரும் ஒரு போன் அழைப்பில், சாம்பிள் விலை பேசும் சாக்கில் காட்டிவிடுங்கள். பிறகு அதைத் தொடாதீர்கள். "தன் கொழுந்தன் நினைவுக்கு வந்தான்" என்று பின்னால் ஒரு வரி வந்தால் வாசகரின் வேலையை நீங்களே செய்ததாகிவிடும்.

## 7. பேச்சு: மூன்று குரல்கள்

இருவருக்கும் பொதுமொழி இல்லை. கைபேசி மொழிபெயர்க்கிறது. இதில் தமிழுக்கே உரிய ஒரு வசதி உண்டு, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. மொழிபெயர்ப்புச் செயலிக்குப் பேச்சுத் தமிழ் சரியாகப் பிடிபடாது. "இதுல போவ மாட்டீங்குதுங்க" என்றால் குழம்பும். அதனால் கைபேசியிடம் அவள் செய்தி வாசிப்பதுபோலப் பேச வேண்டும். அவர் சொல்வதும் அதே விறைப்பான எழுத்துத் தமிழில் திரும்பி வரும். ஆகவே கதையில் மூன்று குரல்: அவள் தனக்குள்ளும் ஊருக்கும் பேசும் கொங்குத் தமிழ், கைபேசிக்காகப் பேசும் தமிழ், கைபேசி பேசும் தமிழ். ஓட்டுநரைச் சீனத்தில் பேசவைத்து அடிக்குறிப்பு போட வேண்டிய தேவையே இல்லை.

தட்டையான முயற்சி இப்படி இருக்கும்:

"பணம் போகவில்லை, என்ன செய்வது?" என்று அவள் பதற்றத்துடன் கேட்டாள். ஓட்டுநர் கோபமாக ஏதோ சொன்னார்.

அதையே மூன்று குரலில் எழுதினால்:

"அட, சோத்துக்கடையில போச்சுங்களே," என்றாள், யாரிடம் என்று தெரியாமல். பிறகு போனை வாயருகே பிடித்து, ஒவ்வொரு சொல்லாக, "மதியம் இதே செயலியில் பணம் செலுத்தினேன்," என்றாள். போன் சீனத்தில் சொன்னது. ஓட்டுநர் குனிந்து அதற்குள் பேசினார். போன் தமிழில் சொன்னது: "காலையிலிருந்து எல்லோரும் இதில் செலுத்தினார்கள்."

கோபம், பதற்றம் என்ற சொற்கள் இல்லை. இருவர் நியாயமும் வந்துவிட்டது. "கோபமாக ஏதோ சொன்னார்" என்ற வகை வரி ஒன்றுகூட மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புரியாத மொழிக்காரரைக் கோபக்காரராகக் காட்டுவது சோம்பேறித்தனம், அநியாயமும்கூட.

ஓட்டுநரை அங்கே "ஷிஃபு" என்று அழைப்பார்கள், கைத்தொழில் தெரிந்தவருக்கான மரியாதைச் சொல். சந்தைக்கு வந்துபோகிற வியாபாரிக்கு அது தெரிந்திருக்கும். விலை பேசுகிறவளாதலால் எண்களும் தெரியும். சந்தைக் காட்சியில் அவள் கால்குலேட்டர் இல்லாமல் "சான் ஷி பா" என்று முப்பத்தெட்டுக்கு விலை கேட்கிறாள் என்று போகிறபோக்கில் போட்டுவையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

கைச் சைகை எழுதினால் கவனம். சீனாவில் ஒரே கையால் பத்துவரை காட்டுவார்கள். எட்டுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், ஆறுக்குக் கட்டைவிரலும் சுண்டுவிரலும். நம் கண்ணுக்கு இரண்டுமே இரண்டு. மீட்டரை அணைத்துவிட்ட ஓட்டுநர் 38-ஐ விரலில் காட்டினால் நம்மவர் 32 என்று தட்டிவிடக்கூடும். அருமையான தடைதான், ஆனால் அது வேறொரு கதைக்கு. இதில் சேர்க்காதீர்கள்.

## 8. சொற்களைப் பங்கிடுங்கள்

சந்தையும் பயணமும் சேர்ந்து 350 சொற்களைத் தாண்டக் கூடாது. பெரும்பாலோர் இங்கேயே ஆயிரம் சொல் செலவழித்துவிடுவார்கள்: முத்தாற்றின் பாலம், உயரக் கட்டடங்கள், விளக்குகள். இந்தக் கதைக்கு அந்தப் பகுதியிலிருந்து நான்கு செய்திகள் மட்டுமே வேண்டும். மதியம் செயலி வேலை செய்தது, சின்ன நோட்டு தீர்ந்தது, கொழுந்தனாரின் போன், "சான் ஷி பா". இவற்றில் எது விட்டுப்போனாலும் பின்பகுதி ஆட்டம் காணும்.

முதல் ஸ்கேனிலிருந்து ஓட்டுநர் கோடை மூடிக்கொள்ளும்வரை 500. இங்கே ஒவ்வொரு அழுத்தலும் தெரிய வேண்டும். ஸ்கேன், 38, மறுப்பு. மறுபடி ஸ்கேன், அதே மறுப்பு. மூன்றாவது முறை வேண்டாம், நூறு ரூபாய் நோட்டு நீட்டுவதுபோல அவள் நூறு யுவானை நீட்டட்டும், இரண்டு பத்து நோட்டு பதிலாக வரட்டும். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கும் இடமும் இதுதான்.

மூடிய கையை அவர் எடுக்கும்வரை 400. இதில் நடப்பதெல்லாம் போனுக்குள் பேசப்படும் நான்கைந்து வாக்கியங்கள்தான். "அது என் கூட்டாளியுடையது" என்று போன் சொல்கிறது. அவள் உடனே பதில் பேசவில்லை. பிறகு அவள் கேட்க வேண்டிய கேள்வியைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். "அவர் திருப்பித் தருவாரா?" என்பது வெளியாள் கேட்கும் கேள்வி. "உங்களுக்குள் கணக்கு எழுதுவது யார்?" என்பது கூட்டுத் தொழிலில் இருப்பவள் கேட்பது. அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்பதில் கதை திரும்பும். என்னைக் கேட்டால் அவர் தம் மார்பைத் தொட்டுக்காட்ட வேண்டும், போனில் பேசவே வேண்டாம். மீதி 250 சொல் முடிவுக்கு.

## 9. முடிவு

அடியிலிருந்த கோடை அவள் ஸ்கேன் செய்கிறாள், 38 தட்டுகிறாள், திரையில் டிக் விழுகிறது. வண்டிக்குள் சத்தமில்லை. ஓட்டுநர் திரையைப் பார்க்கிறார், நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. இதற்கு வழி ஏற்கெனவே கதையில் இருக்கிறது: கூட்டாளிக்குப் போன் போடுகிறார், ஸ்பீக்கரில் வைக்கிறார். அங்கே கேட்கும் பேச்சு அவளுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிவது, நடுவில் வரும் மூன்று அசைகள் மட்டும்: சான் ஷி பா.

அது கூட்டாளி உரக்கச் சொன்னதாக இருக்க வேண்டும். செயலியின் குரல் அழைப்பு போவதற்கு முன்பே ஒலித்து முடிந்திருக்கும், அதை இந்தப் பக்கம் கேட்கவைத்தால் நேரம் உதைக்கும். தவிர, மனிதன் வாயால் ஒப்புக்கொண்ட தொகை என்பதால் ஓட்டுநருக்கு அது செயலிக் குரலைவிடப் பெரிது. இனி அந்த ஆள் இல்லை என்று சொல்ல முடியாது, ஒரு சாட்சி பின்னிருக்கையில் இருக்கிறாள்.

அவர் ரசீதை அச்சிட்டுக் கொடுக்கலாம். அங்கே டாக்ஸி ரசீதில் வண்டி எண், ஏறிய நேரம், இறங்கிய நேரம், தூரம், தொகை எல்லாம் இருக்கும். அவளுக்கு அது கடைக் கணக்குக்கு வேண்டும். அவள் அதைப் படம் எடுத்துவிட்டு, மூலத்தை அவரிடமே நீட்டினால், கூட்டாளியிடம் காட்ட அவருக்கு ஒரு தாள் கிடைக்கிறது. இதற்குமேல் கைகுலுக்கல், புன்னகை, நாடு மொழி தாண்டிய மனிதம் பற்றிய வரி எதுவும் வேண்டாம்.

## 10. திருத்தும்போது பார்க்க வேண்டியவை

கதையை ஒரு நாள் ஆறப்போட்டு, பணத்தை மட்டும் தொடர்ந்து வாசியுங்கள். 38 யுவான் எந்த வரியில் யார் கையில் இருக்கிறது என்று விரலால் காட்ட முடிய வேண்டும். எங்காவது காட்ட முடியவில்லை என்றால் அந்த இடத்தில் உணர்ச்சிச் சொல் ஒன்று நின்றுகொண்டிருக்கும், அதை எடுத்துவிட்டு ஒரு செயலைப் போடுங்கள்.

தொகையைச் சரிபாருங்கள். அலிபேயில் வெளிநாட்டு அட்டைக்கு 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கட்டணம் பிடிக்கிறார்கள், அதற்குள் என்றால் இல்லை. கதையில் கட்டணத்தை 38-லிருந்து 238 ஆக மாற்றினால் இந்த 3 சதவீதமும் கூடவே வரும், அவள் அதைப் பற்றி முணுமுணுக்காமல் இருக்க மாட்டாள்.

கடைசியாக, ஓட்டுநர் பக்கத்திலிருந்து ஒரு முறை வாசியுங்கள். அன்று மாலை வீட்டில் இந்தச் சவாரியைப் பற்றி அவர் சொன்னால் எப்படிச் சொல்லுவார் என்று நான்கு வரி தனியாக எழுதிப் பாருங்கள். அந்த நான்கு வரியில் கூட்டாளி வந்து, பயணி பெயருக்கு மட்டும் வந்தால் ஓட்டுநர் சரியாக அமைந்திருக்கிறார். நான்கு வரியும் பயணியைப் பற்றியே இருந்தால் ஐந்தாம் பகுதிக்குத் திரும்பிப் போய் அவருடைய கணக்கை மறுபடி போடுங்கள்.